ரெசிடுவல் படம் வளைந்தால், விரிந்தால்: லாக், ஸ்கொயர் ரூட், வெயிட், எதை எடுப்பது?

ரெசிடுவல் படம் புனல் மாதிரி விரிந்திருக்கிறதா, உடனே லாக் எடு. பெங்களூரில் டேட்டா வேலைக்கு இன்டர்வியூ தயார் செய்கிற நம்ம ஆட்களில் நிறையப் பேர் வாயில் இந்தப் பதில் தயாராக இருக்கும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஓசூர்ப் பையனும் அதைத்தான் சொன்னான். ஆபீஸ் கேப் எத்தனை கிலோமீட்டர் ஓடினால் எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு ரிக்ரஷன் போட்டிருந்தான், படம் விரிந்தது, "அக்கா, லாக் போட்டுட்டேன், R² ஏறிடுச்சு" என்று வந்து நின்றான். R² ஏறியது உண்மைதான், ஆனால் அந்த ஏற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏன் என்பதையும், லாக்கைத் தவிர என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எதற்கு என்பதையும்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆபீஸ் டேட்டாவை வெளியே போட முடியாது. அதனால் R-இல் கூடவே வரும் `cars` என்ற பழைய டேட்டாவை எடுத்துக்கொள்கிறேன். 1920-களில் எடுத்த அளவுகள். வண்டியின் வேகம் மணிக்கு எத்தனை மைல், நிறுத்தப் பார்த்தால் நிற்க எத்தனை அடி ஆயிற்று, அவ்வளவுதான், மொத்தம் 50 வரிகள். அதிகபட்ச வேகமே 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர் (சிரிக்காதீர்கள், சில்க் போர்டு பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்கு அதுவே பெரிய வேகம்). சின்ன டேட்டாதான், ஆனால் வளைவு, விரிவு இரண்டுமே இதில் இருக்கின்றன, நீங்களும் இரண்டு நிமிடத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

```r
m1 <- lm(dist ~ speed, data = cars)
plot(m1, which = 1)   # ரெசிடுவல்
plot(m1, which = 3)   # விரிவு
```

கோடு இப்படி வருகிறது: dist = −17.58 + 3.93 × speed, R² 0.65. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது முதல் படத்தைப் பாருங்கள். கீழே மாடல் கணித்த மதிப்பு, பக்கவாட்டில் ரெசிடுவல், அதாவது உண்மையான தூரத்திலிருந்து கணித்ததைக் கழித்தால் மிச்சம். (கீழ் அச்சில் கணித்த மதிப்புதான் இருக்க வேண்டும், உண்மையான y-ஐப் போடக் கூடாது. உண்மையான y-உடன் ரெசிடுவல் எப்போதுமே ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், மாடல் சரியாக இருந்தாலும் கூட. இந்தப் படத்தைப் போட்டுவிட்டு மாடல் கெட்டுவிட்டது என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள்.)

வளைவு எங்கே தெரிகிறது? வேகம் 4 மைல் உள்ள இரண்டு புள்ளிகளும் பூஜ்யக் கோட்டுக்கு மேலே. 20 மைல் உள்ள ஐந்தில் நான்கு கீழே. 24 மைல் உள்ள நான்கில் மூன்று மறுபடி மேலே. இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் தொய்ந்து கிடக்கிறது. படத்தில் R வரைகிற சிவப்பு வளைகோடும் அதையே காட்டும். 4 மைல் வேகத்துக்கு மாடல் என்ன சொல்கிறது என்று கணக்குப் போட்டால் −1.85 அடி வருகிறது. பிரேக் போட்டால் வண்டி பின்னால் போகுமாம்!

விரிவு எங்கே? 10 மைல் வரைக்கும் ரெசிடுவல்கள் சுமார் −8 முதல் +12 வரைக்குள் அடங்கிவிடுகின்றன. 18 மைலுக்கு மேலே போனால் −29 முதல் +43 வரை. மூன்று மடங்குக்கும் மேல். `which = 3` என்று போட்ட மூன்றாவது படம் ரெசிடுவலின் குறியை எடுத்துவிட்டு அளவை மட்டும் காட்டுகிறது, அதில் சிவப்புக் கோடு மேலே ஏறினால் விரிகிறது என்று பொருள். இதிலும் ஏறுகிறது.

சரி, இது கண்ணுக்குத் தெரிகிற மாயையாக இருந்தால்? 50 புள்ளிகளில் தற்செயலாகவும் இப்படி வரலாமே. நியாயமான சந்தேகம். உடனே விரிவு இருக்கிறதா என்று பார்க்கும் பிரூஷ்–பேகன் டெஸ்ட்டை ஓட்டுவார்கள், இந்த மாடலுக்கு p மதிப்பு 0.073 வரும், 0.05-க்கு மேல் என்பதால் பிரச்சினை இல்லை என்று எழுதிவிடுவார்கள். 50 வரிகள் உள்ள டேட்டாவில் அந்த டெஸ்ட்டுக்கு அவ்வளவு பலம் கிடையாது, 50,000 வரிகள் இருந்தாலோ ஒன்றுமில்லாத விரிவுக்கும் p பூஜ்யத்தைத் தொடும். அதைவிட, மாடல் உண்மையாகவே சரியாக இருந்தால் படம் எப்படி இருக்கும் என்று பொய் டேட்டாவில் 19 தடவை வரைந்து, நிஜப் படத்தை நடுவில் ஒளித்து வையுங்கள்:

```r
par(mfrow = c(4, 5), mar = c(1, 1, 1, 1))
k <- sample(20, 1)
for (i in 1:20) {
  y <- if (i == k) cars$dist else simulate(m1)[[1]]
  f <- lm(y ~ cars$speed)
  plot(fitted(f), resid(f))
}
```

`k` என்னவென்று பார்க்காமல், இந்த டேட்டாவைப் பற்றி எதுவும் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இருபதில் எது வித்தியாசமாக இருக்கிறது என்று கேளுங்கள். சரியாகத் தொட்டார் என்றால் தற்செயலாகத் தொட்டிருக்க வாய்ப்பு இருபதில் ஒன்றுதான். தொட முடியாவிட்டால் நீங்கள் கவலைப்படும் வளைவும் விரிவும் அவ்வளவு பெரிதல்ல. எனக்கு p மதிப்பைவிட இந்த முறை மேல் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் எது கெட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

இப்போது வழிகளுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு வரிசை: முதலில் வளைவைச் சரி செய்ய வேண்டும், விரிவு அப்புறம். நேர்கோடு தவறான இடத்தில் போகிறது என்றால், அது எங்கே அதிகம் விலகுகிறதோ அங்கே ரெசிடுவல்கள் பெரிதாகித் தெரியும். விரிவு டெஸ்ட்டும் அதைப் பார்த்து விரிவு என்று சொல்லிவிடும். வளைவை நிமிர்த்தினால் பாதி விரிவு தானாகவே போய்விடுவதும் உண்டு.

முதல் வழி, கோட்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்டாண்டர்ட் எரரை மட்டும் மாற்றுவது. HC3 என்று சொல்வார்கள், `sandwich` பேக்கேஜில் `vcovHC` இருக்கிறது. விரிவு இருந்தாலும் கெழுக்களுக்குச் சரியான ஸ்டாண்டர்ட் எரரும் p மதிப்பும் ஓரளவு கிடைக்கும். மிகச் சுலபம், அதனால்தான் எல்லாவற்றுக்கும் இதையே போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆனால் அது கோட்டை ஒரு அங்குலம் கூட நகர்த்தாது. நம் `m1`-க்கு HC3 போட்ட பிறகும் 4 மைல் வண்டி பின்னால்தான் போகும். தனி ஒரு வண்டிக்கு வரம்பு சொல்லும்போதும் உதவாது. எல்லா வேகத்துக்கும் தோராயமாக ±32 அடி என்ற ஒரே அகலம்தான் வரும், 5 மைலுக்கு −30 முதல் 34 அடி வரை என்று சொல்லும். கோடு சரியான இடத்தில் இருக்கிறது, விரிவு மட்டும்தான் குறை, நமக்குக் கெழுவின் மீது மட்டும்தான் ஆர்வம் என்ற மூன்றும் சேர்ந்தால் இதைப் போல நிம்மதியான வழி கிடையாது. இங்கே முதல் நிபந்தனையே அடிபட்டுவிட்டது.

இரண்டாவது, speed-இன் வர்க்கத்தைச் சேர்ப்பது. இது வளைவுக்கான மருந்து, விரிவைத் தொடாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. `speed + I(speed^2)` என்று போட்டால் speed-க்கு p மதிப்பு 0.656, வர்க்கத்துக்கு 0.136. இரண்டுமே தேறவில்லை, இரண்டையும் தூக்கி எறிந்துவிடலாம் என்று அவுட்புட்டைப் பார்த்தால் தோன்றும். வேகம் கூடினால் நிற்கும் தூரம் கூடாது என்று யாராவது சொல்வார்களா? வேகமும் அதன் வர்க்கமும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஏறுவதால், எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல மாடலால் முடியவில்லை, அவ்வளவுதான். இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. டிரைவர் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் நேரத்தில் ஓடும் தூரம் வேகத்துக்கு நேர்விகிதம், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், நிற்கிற வண்டிக்கு நிற்கும் தூரம் பூஜ்யம். அதனால் இன்டர்செப்ட்டை எடுத்துவிடலாம். எடுத்தால் கெழுக்கள் 1.239, 0.0901 என்று வருகின்றன, அவற்றின் ஸ்டாண்டர்ட் எரர் 0.560, 0.0294. இரண்டுமே இப்போது நிற்கின்றன. இன்டர்செப்ட் இல்லாத மாடலுக்கு R² 0.91 என்று காட்டும், அதைப் பார்த்து மகிழ வேண்டாம், இன்டர்செப்ட் இல்லாதபோது R² வேறு விதமாகக் கணக்கிடப்படுகிறது, பழைய 0.65-உடன் ஒப்பிடவே கூடாது. இப்படி இன்டர்செப்ட்டை எடுக்கும் உரிமை, பூஜ்யத்தில் என்ன நடக்கும் என்று வெளியிலிருந்து உறுதியாகத் தெரிந்தால் மட்டும்தான். வீட்டு வாடகைக்கு இதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவதுதான் நம்ம பையனின் லாக். `lm(log(dist) ~ log(speed), data = cars)` போட்டால் R² 0.733. 0.65-இலிருந்து 0.733, ஜெயித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் முதல் R² அடிகளில் உள்ள மாறுபாட்டில் எவ்வளவு பங்கு என்று சொன்னது, இது லாக்-அடிகளில் எவ்வளவு பங்கு என்று சொல்கிறது. கீழே இருக்கும் எண் வேறு, மேலே இருக்கும் எண்ணும் வேறு. ரெசிடுவல் படத்தைப் பார்த்தால் கதை தலைகீழ்: 4 மைல் வேகத்தில் ஒரு வண்டி 2 அடியில் நின்றது, இன்னொன்று 10 அடியில். அடிகளில் பார்த்தால் சின்ன வித்தியாசம். லாக் எடுத்தால் அந்த இரண்டும் −0.80, +0.81 என்று இரண்டு பக்கமும் தூரப் போய்விடுகின்றன. 7 மைலில் −1.00, +0.70. மொத்த மாடலின் ரெசிடுவல் அளவே 0.405தான். அந்தப் பக்கம் 24 மைலில் 70 அடிக்கும் 120 அடிக்கும் ரெசிடுவல் −0.11, +0.42. அதாவது புனல் போகவில்லை, திரும்பிக்கொண்டது, இப்போது இடது பக்கம் வாய் திறந்திருக்கிறது. விரிவு மதிப்புக்கு நேர்விகிதமாக ஏறும்போதுதான் லாக் சரியாகப் பொருந்தும், தூரம் இரண்டு மடங்கானால் சிதறலும் இரண்டு மடங்காக வேண்டும். இங்கே அவ்வளவு வேகமாக ஏறவில்லை, அதனால் மருந்து அளவுக்கு மீறிப் போய்விட்டது.

லாக்கில் இன்னொரு செலவும் உண்டு. 20 மைலுக்கு லாக் மாடல் சொல்வதை `exp` போட்டுத் திருப்பினால் 58.6 அடி. இது சராசரி அல்ல, நடுமதிப்பு. சராசரி வேண்டுமென்றால் ரெசிடுவல் அளவான 0.405-இன் வர்க்கத்தில் பாதியை `exp` போட்டுப் பெருக்க வேண்டும், இங்கே அது 1.086, ஆக 63.6 அடி. இதைச் செய்யாமல் மொத்தப் பட்ஜெட் போட்டால் ஒவ்வொரு வரியிலும் எட்டு சதவீதம் குறைத்தே சொல்லிக்கொண்டிருப்பீர்கள், கூட்டிப் பார்க்கும்போதுதான் யாராவது கத்துவார்கள்.

நான்காவது ஸ்கொயர் ரூட். லாக்கைவிட மென்மையானது. பாக்ஸ்–காக்ஸ் முறை (1964-இல் வந்தது) எந்தப் பவர் பொருந்தும் என்று டேட்டாவிடமே கேட்கும். இந்த டேட்டாவுக்கு அது சொல்வது 0.5-க்குப் பக்கத்தில், அதாவது ஸ்கொயர் ரூட்தான். போட்டால் sqrt(dist) = 1.277 + 0.322 × speed. வளைவு, விரிவு இரண்டும் ஒரே அடியில் பெரும்பாலும் அடங்குகின்றன. y-ஐ மாற்றினால் இரண்டையும் சேர்த்தே தொடும், x-ஐ மாற்றினால் வளைவை மட்டும் தொடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வரம்பு எப்படி மாறுகிறது பாருங்கள்: 5 மைலுக்குத் தோராயமாக கால் அடிக்குக் கொஞ்சம் மேலிருந்து 27 அடி வரை, 24 மைலுக்கு 45 முதல் 128 வரை. மைனஸ் தூரம் போய்விட்டது, நேர்கோட்டு மாடலின் வரம்புக்கு வெளியே விழுந்த அந்த 120 அடி வண்டியும் உள்ளே வந்துவிட்டது. குறை என்ன? 0.322 என்ற எண்ணை யாரிடமும் விளக்க முடியாது. வேகம் ஒரு மைல் கூடினால் தூரத்தின் ஸ்கொயர் ரூட் 0.322 கூடுகிறது என்று மீட்டிங்கில் சொல்லிப் பாருங்கள், அடுத்த ஸ்லைடுக்குப் போங்கள் என்பார்கள்.

ஐந்தாவது வெயிட். சிதறல் வேகத்துக்கு நேர்விகிதமாக ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டு, வேகம் அதிகமான புள்ளிகளுக்குக் குறைந்த மதிப்புக் கொடுப்பது:

```r
m4 <- lm(dist ~ 0 + speed + I(speed^2),
         data = cars, weights = 1/speed^2)
plot(fitted(m4), rstandard(m4))
```

கெழுக்கள் 1.261, 0.0890. வெயிட் இல்லாமல் வந்த 1.239, 0.0901-உடன் சேர்த்து வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண்கள். இதை நான் வேண்டுமென்றே காட்டுகிறேன், ஏனென்றால் விரிவு இருந்தால் கெழுவே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோட்டின் வடிவம் சரியாக இருந்தால், விரிவு கெழுவை ஒரு பக்கமாக இழுக்காது, அதன் நிச்சயத்தை மட்டும்தான் கெடுக்கும். ஸ்டாண்டர்ட் எரர் 0.560-இலிருந்து 0.426-ஆகவும், 0.0294-இலிருந்து 0.0262-ஆகவும் குறைகிறது. அதுதான் வெயிட்டின் ஆதாயம். அர்த்தமும் கெடவில்லை, அடி அடியாகவே இருக்கிறது, மைல் மைலாகவே இருக்கிறது. ஆனால் வெயிட்டை நீங்கள்தான் ஊகிக்கிறீர்கள். தவறாக ஊகித்தால் வரம்புகளும் தவறும், 20 மைலுக்கு இந்த மாடல் சுமார் 21 முதல் 100 அடி வரை என்று கொஞ்சம் தாராளமாகவே அகட்டுகிறது. `1/speed` போட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எந்தப் படம் தட்டையாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

மேலே R கட்டளையில் `rstandard` என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? அதற்குப் பதிலாக `resid(m4)` போட்டால் வெயிட் சேராத பழைய ரெசிடுவல்தான் வரும், புனல் அப்படியே இருக்கும். `plot(m4, which = 1)` போட்டாலும் அதே கதைதான். வெயிட் போட்டும் சரியாகவில்லை என்று கைவிட்டவர்களில் பாதிப் பேர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கைவிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆக, என் தேர்வு? நிற்கும் தூரத்துக்கு வரம்பு சொல்ல வேண்டும், அந்தப் பாதுகாப்பு இடைவெளி எவ்வளவு என்பதுதான் கேள்வி என்றால் ஸ்கொயர் ரூட். ஒவ்வொரு கெழுவுக்கும் அர்த்தம் வேண்டும், டிரைவர் எவ்வளவு பிரேக் எவ்வளவு என்று பிரிக்க வேண்டும் என்றால் வர்க்கம் சேர்த்து வெயிட். HC3-ஐ வர்க்கம் சேர்த்த மாடலுக்குப் போட்டால் ஒத்துக்கொள்வேன், நேர்கோட்டுக்குப் போட்டால் மாட்டேன். லாக்குக்கு இந்த டேட்டாவில் இடமில்லை, R² அதில் கவர்ச்சியாக இருந்தாலும்.

எந்த வழியிலும் அடங்காத ஒரு புள்ளி இருக்கிறது. 23-ஆவது வரி, 14 மைல் வேகத்தில் 80 அடி ஓடிய வண்டி. வெயிட் மாடலில் அதன் `rstandard` மதிப்பு சுமார் 3.3, மற்றதெல்லாம் கட்டுக்குள். அது எழுத்துப் பிழையா, பிரேக் தேய்ந்த வண்டியா என்று நூறு வருடம் கழித்து நமக்குத் தெரியப்போவதில்லை. அதனால் தூக்கவும் கூடாது. அது இருந்தும் இல்லாமலும் இரண்டு தடவை ஓட்டி, கெழு எவ்வளவு நகர்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்.

கேப் டேட்டாவுக்கு வருகிறேன். அதில் லாக் வேண்டாம் என்று சொன்ன பிறகு பையன் ஸ்கொயர் ரூட், வெயிட் இரண்டையும் வரிசையாக முயன்றான், படம் ஓரளவு அடங்கியது, முழுவதும் அடங்கவில்லை. அப்புறம் புள்ளிகளுக்குப் புறப்பட்ட நேரத்தை வைத்து நிறம் கொடுக்கச் சொன்னேன். புனலின் மேல் பாதி முழுக்கக் காலை ஒன்பதும் சாயங்காலம் ஏழும், கீழ் பாதி முழுக்க நைட் ஷிஃப்ட். ஓசூர் ரோட்டில் பீக் நேரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற நிமிடம் வேறு, நள்ளிரவில் வேறு. சரிவு வேறான இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் தொடங்கிப் பிரிந்து போனால், நடுவில் ஒற்றைக் கோடு போட்டுப் பார்ப்பவருக்கு அது புனலாகத்தான் தெரியும். இதற்கு y-ஐ மாற்றுவதும் மருந்தில்லை, வெயிட்டும் மருந்தில்லை. `km * peak` என்று மாடலில் ஒரு வார்த்தை சேர்த்தான், மூன்றாவது படத்தில் சிவப்புக் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. மழை நாட்களை இன்னும் பிரிக்கவில்லை, அவை மேலே தனியாக நிற்கின்றன, இந்த வாரம் அதைத்தான் பார்க்கிறான்.